முகத்தை வெட்டிவிட்டுத் தேடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2023 நவம்பர் முதல் வாரத்தில் சில நொடி வீடியோ ஒன்று நாடு முழுக்கச் சுற்றியது. கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் லிஃப்டுக்குள் நுழைகிறார். முகம் நடிகை ரஷ்மிகா மந்தனாவுடையது. ஆல்ட் நியூஸ் என்ற செய்திச் சரிபார்ப்புத் தளத்தின் பத்திரிகையாளர் அபிஷேக் குமார் நவம்பர் 5-ஆம் தேதி எக்ஸ் தளத்தில் இது டீப்ஃபேக், அதாவது செயற்கை நுண்ணறிவால் செய்த போலி என்று எழுதினார். மூல வீடியோ எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னார். பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் அக்டோபர் 9 அன்று தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்ட வீடியோ அது. யாரோ அதில் முகத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். 2024 ஜனவரியில் டெல்லி போலீஸ் ஆந்திராவைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவரைக் கைது செய்தது. ரசிகர் பக்கத்துக்குப் பின்தொடர்பவர்களைக் கூட்டுவதற்காகச் செய்ததாக அவர் சொன்னதாகப் போலீஸ் தெரிவித்தது.

இதழியல் மாணவர்களுக்குச் சரிபார்ப்பு வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் இந்த வீடியோவைத்தான் முதலில் எடுப்பேன். பழசாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். ஆனாலும் இந்த வகைப் போலி எப்படிச் செய்யப்படுகிறது, எங்கே பிசகுகிறது, எப்படிப் பிடிப்பது என்ற மூன்றும் இதில் பளிச்சென்று தெரியும்.

செய்முறையிலிருந்து தொடங்குகிறேன். வீடியோ என்பது நொடிக்குச் சுமார் 30 படங்கள். முகம் மாற்றும் மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் முதலில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடும். கண், மூக்கு, வாய் இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, புருவத்திலிருந்து முகவாய் வரையிலான பகுதியில் புது முகத்தைப் பொருத்தும். பெரும்பாலும் அந்தப் பகுதி மட்டும்தான் மாறும். காது, கழுத்து, கை, உடை, பின்னால் இருக்கும் சுவர் எல்லாம் மூல வீடியோவில் இருந்தபடியே இருக்கும்.

இதிலிருந்து முதல் சோதனை கிடைக்கிறது. மென்பொருளால் முகத்தைக் கண்டுபிடிக்க முடியாத தருணத்தைத் தேடுங்கள். முகம் பாதி மறையும்போது, ஒரேயடியாகப் பக்கவாட்டில் திரும்பும்போது, கை குறுக்கே வரும்போது, சட்டகத்தின் ஓரத்தில் முகம் வெட்டுப்படும்போது அது தடுமாறும். லிஃப்ட் வீடியோவில் நடந்தது இதுதான். அந்தப் பெண் உள்ளே நுழையும் முதல் நொடியில் அவருடைய சொந்த முகமே தெரிகிறது. அடுத்த கணம் ரஷ்மிகாவின் முகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓடவிட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். கணினியில் VLC என்ற வீடியோ இயக்கியில் திறந்து E விசையை அழுத்தினால் ஒவ்வொரு படமாக நகரும். யூடியூபில் நிறுத்திவைத்துவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினாலும் அப்படியே. நான் எப்போதும் முகம் கேமராவை நேராகப் பார்க்கும் இடத்தை விட்டுவிட்டு, திரும்பும் இடத்துக்குத்தான் முதலில் போவேன்.

இரண்டாவது சோதனைதான் என் கணக்கில் பெரியது. பொய்யான பகுதி முகம் மட்டும் என்றால், மற்றதெல்லாம் உண்மையான ஏதோ ஒரு வீடியோவிலிருந்து வந்தது. அந்த வீடியோ இணையத்தில் எங்கோ இருக்கிறது. அதைத் தேட வேண்டும். இதற்கு InVID-WeVerify என்ற இலவச பிரௌசர் செருகுநிரல் உண்டு. வீடியோவின் முகவரியைக் கொடுத்தால் அதிலிருந்து முக்கியமான படங்களைப் பிரித்துக் கொடுக்கும். அவற்றை கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ போன்ற படத் தேடல்களில் போட்டுப் பார்க்கலாம்.

இங்கேதான் மாணவர்கள் வழுக்குகிறார்கள். முழுப் படத்தையும் அப்படியே போட்டால் தேடுபொறி பிரபலமான முகத்தைப் பிடித்துக்கொள்ளும். ரஷ்மிகாவின் நூற்றுக்கணக்கான படங்கள் வந்து குவியும், வேண்டியது வராது. அதனால் முகத்தை வெட்டி எறியுங்கள். உடையையும் லிஃப்டின் உட்புறத்தையும் மட்டும் வைத்துத் தேடுங்கள். மூல வீடியோ கிடைத்துவிட்டால் இரண்டின் தேதியையும் ஒப்பிடுங்கள். முந்தைய தேதியில், வேறு முகத்தோடு, அதே அசைவுகளோடு ஒரு வீடியோ இருந்தால் வழக்கு முடிந்தது. எந்தக் கருவியின் சான்றிதழும் தேவையில்லை. அதைப் போட்டவர் தன்னுடையது என்று சொன்னால் இன்னும் உறுதி.

மூலம் கிடைக்கவில்லை என்றால் காதைப் பாருங்கள். காதின் மடலும் மடிப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும், முகமாற்ற மென்பொருள் அதைத் தொடுவது அரிது. சம்பந்தப்பட்டவரின் நம்பகமான புகைப்படம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். முடி மறைத்திருந்தால் இந்த வழி அடைபடும்.

முகத்தில் தெரியும் அறிகுறிகளைப் பற்றி நிறைய பட்டியல்கள் உலவுகின்றன. கண் இமைக்கிறதா, உதடு ஒத்துப்போகிறதா, தோல் மெழுகுபோல் இருக்கிறதா என்றெல்லாம். இவற்றுக்கு ஆயுள் குறைவு. அமெரிக்காவில் ஆல்பனியில் உள்ள பல்கலைக்கழகத்தில் சிவே லியு என்ற பேராசிரியரின் குழு 2018-இல், டீப்ஃபேக் முகங்கள் சரியாக இமைப்பதில்லை என்று கண்டறிந்தது. பயிற்சிக்குக் கொடுத்த புகைப்படங்களில் கண் மூடிய படங்கள் மிகக் குறைவு என்பது காரணம். செய்தி வெளியான சில மாதங்களுக்குள் இமைக்கும் போலிகள் வந்துவிட்டன.

அதைவிட மோசமான பக்கம் ஒன்றும் உண்டு. அதே 2018 அக்டோபரில் ஆப்பிரிக்க நாடான காபோனின் அதிபர் அலி போங்கோவுக்குப் பக்கவாதம் வந்து, மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டவில்லை. புத்தாண்டை ஒட்டி அவருடைய வீடியோ ஒன்று வந்தது. முகம் இறுகி இருந்தது, இமைப்பு குறைவாக இருந்தது. இது டீப்ஃபேக் என்று எதிர்ப்பாளர்கள் பேசத் தொடங்கினார்கள். 2019 ஜனவரி 7-ஆம் தேதி ராணுவ வீரர்கள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றார்கள். அந்த வீடியோ போலி என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. பக்கவாதம் வந்தவரின் முகம் அப்படி இருக்கக்கூடும். அறிகுறிப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நோயாளியைப் போலியாக்கிவிடுவோம்.

சரி, கண்டறியும் கருவிகள் இருக்கின்றனவே, வீடியோவை ஏற்றினால் இத்தனை சதவீதம் போலி என்று சொல்கின்றனவே என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கருவி 90 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று வையுங்கள். அதனிடம் 1,000 வீடியோக்களைக் கொடுக்கிறோம், அவற்றில் 10 மட்டுமே போலி. அந்தப் பத்தில் 9-ஐப் பிடித்துவிடும். நல்ல கருவிதான். ஆனால் மீதி 990 உண்மையான வீடியோக்களிலும் பத்தில் ஒன்று தவறும். அதாவது 99 உண்மை வீடியோக்களையும் போலி என்று சொல்லும். ஆக மொத்தம் 108 வீடியோக்களை அது கைகாட்டும், நிஜமான போலி அவற்றில் 9 மட்டுமே. கைகாட்டியதில் 12-க்கு ஒன்று. கையில் வருவதையெல்லாம் கருவியில் போட்டுக்கொண்டே இருப்பவருக்கு இதுதான் நடக்கும். வேறு காரணங்களால் ஏற்கெனவே சந்தேகம் வலுத்த வீடியோவை மட்டும் கொடுத்தால் அதே கருவியின் பதிலுக்கு மதிப்பு கூடும். அதனால்தான் மூலத்தைத் தேடும் வேலை முதலில், கருவி பிறகு.

வாட்ஸ்அப் செய்யும் சேதம் தனி. வீடியோவைப் புதிதாக ஏற்றி அனுப்பும்போது அதைச் சுருக்குகிறது. கருவி தேடும் நுண்ணிய தடயங்கள் அந்தச் சுருக்கத்தில் கரைந்துபோகின்றன. கூகுள் தன் கருவிகளில் உருவாகும் படங்களில் பதிக்கும் SynthID போன்ற மறைகுறிகளையும் ஒரு பக்கமாகத்தான் நம்பலாம். குறி இருந்தால் செயற்கைப் படைப்பு என்று சொல்லலாம். இல்லை என்றால் வேறு நிறுவனத்தின் கருவியில் செய்திருக்கலாம், குறி அழிந்திருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம்.

இதுவரை சொன்னது முகமாற்றத்துக்கு. முழுக்க முழுக்க செயற்கையாக உருவாக்கிய படம் என்றால் தேடிப் பிடிக்க மூலமே கிடையாது. 2023 மே 22 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிவிபத்து என்று ஒரு படம் பரவி, பங்குச்சந்தையே சில நிமிடம் சறுக்கியது. பார்த்தவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஆயிரக்கணக்கானோர் நடமாடும் இடத்தில் குண்டு வெடித்தால் இரண்டாவது ஆள் எடுத்த படம் எங்கே? படத்தில் வேலிக் கம்பிகள் நடைபாதையோடு உருகிக் கலந்திருந்தன, கட்டடமும் பென்டகன் போல் இல்லை. அந்த வட்டாரத் தீயணைப்புத் துறை அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அறிவித்ததும் விஷயம் அடங்கியது.

வானொலியில் பேசிக்கொண்டு குரலை விட்டுவிட முடியாது. குரல்தான் இருப்பதிலேயே கடினம். பழைய வகைத் தொலைபேசி இணைப்பு வழியாக வரும் குரலில் சுமார் 300-க்கும் 3,400 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட ஒலிதான் மிஞ்சும். செயற்கைக் குரலைக் காட்டிக்கொடுக்கக்கூடிய மேல் ஒலிகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அதிபர் பைடன் குரலில் வாக்காளர்களுக்கு அழைப்பு வந்தது. கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம், நவம்பர் அதிபர் தேர்தலுக்கு உங்கள் வாக்கைச் சேமித்து வையுங்கள் என்றது. குரலைக் கேட்டு முடிவுசெய்வது சிரமம். சொன்ன சேதியைப் பாருங்கள். உட்கட்சித் தேர்தலில் வாக்களித்தவர் நவம்பரிலும் வாக்களிக்கலாம், சேமித்து வைக்க ஒன்றுமில்லை. தன் கட்சிக்காரர்களிடம் வாக்களிக்காதீர்கள் என்று எந்தத் தலைவரும் கேட்கமாட்டார். அழைத்த எண்ணும் போலியாகக் காட்டப்பட்டிருந்தது. இதைச் செய்வித்த அரசியல் ஆலோசகருக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

தமிழ்க் குரல் என்றால் நம் காதுக்கு இப்போதைக்கு ஒரு சலுகை உண்டு. போலி செய்பவர் பெரும்பாலும் எழுதிய வசனத்தைக் கருவியிடம் கொடுத்து வாசிக்கவைக்கிறார். மேடையில் கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ பேசிப் பழகிய ஒருவர், தனியறையில் ரகசியமாகப் பேசியதாகச் சொல்லப்படும் ஒலிப்பதிவில் “அவர்கள் வருகிறார்கள்” என்று பாடப்புத்தகத் தமிழில் பேசினால் நான் நிமிர்ந்து உட்காருவேன். எண்களையும் கவனியுங்கள். ஐந்நூறு என்பதை “ஐநூறு” என்று இழுக்கும் மனிதர் எங்கேனும் எழுத்து பிசகாமல் உச்சரிக்கிறாரா? நடுநடுவே வரும் ஆங்கிலச் சொல்லை அவர் வழக்கமாகச் சொல்லும் விதத்தில் சொல்கிறாரா? இது சந்தேகத்துக்குத்தான் ஆதாரம், தீர்ப்புக்கு அல்ல. இமைப்பு அறிகுறிபோல இதுவும் சீக்கிரம் காலாவதியாகும்.

உங்களிடம் ஒரு வீடியோவோ ஒலிப்பதிவோ வந்து, சரிபார்ப்புக் குழு எதற்காவது அனுப்ப நினைத்தால், திரையைப் படம்பிடித்து அனுப்பாதீர்கள். முதலில் அனுப்பியவரிடம் கேட்டு, வாட்ஸ்அப்பில் “டாக்குமென்ட்” வழியாகக் கோப்பை அப்படியே வாங்குங்கள். அவர் எந்தக் குழுவிலிருந்து, எந்தத் தேதியில் பெற்றார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் செய்தும் விடை கிடைக்காவிட்டால் “தீர்மானிக்க முடியவில்லை” என்றே அறிக்கையில் எழுதுங்கள். என் மாணவர்களின் பயிற்சி ஏட்டில் அந்த விடைக்கும் முழு மதிப்பெண் உண்டு, என்னென்ன தேடினார்கள் என்பது கூடவே எழுதப்பட்டிருந்தால்.

நன்றி, வணக்கம்.