செத்த லிப்போ பேட்டரி சார்ஜ் ஆச்சுன்னா சந்தோஷப்படாதீங்க!

[திரையில்: சார்ஜர் டிஸ்ப்ளேவில் LOW VOLTAGE]

ஆறு மாசம் அலமாரியில கிடந்த ட்ரோன் பேட்டரி. சொருகினா சார்ஜர் இப்படிக் கத்துது. உடனே யாராவது சொல்லுவாங்க: "சார்ஜர்ல NiMH-ங்கிற வேற வகை பேட்டரிக்கான மோட்ல அஞ்சு நிமிஷம் போடு, முழிச்சிக்கும்." முழிச்சிக்கும், உண்மைதான். பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது.

பின்னணி ஒரே மூச்சுல: லிப்போ செல் முழு சார்ஜ்ல 4.2 வோல்ட், பறந்து முடிச்சா 3.5 பக்கம், 3.0-க்குக் கீழ போனா டீப் டிஸ்சார்ஜ். அவ்வளவுதான்.

இப்போ எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வருவோம். செல்லோட நெகட்டிவ் பக்கம் கிராஃபைட்டைத் தாங்கிட்டு இருக்கிறது மெல்லிசான செம்புத் தகடு. சாதாரண நேரத்துல அந்தச் செம்புக்கு ஒண்ணும் ஆகாது. செல் ரொம்ப வடிஞ்சு போனா, தகடு கரைஞ்சு உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட்ல கலக்க ஆரம்பிக்கும். நீங்க திரும்ப சார்ஜ் போடும்போது கரைஞ்ச செம்பு மறுபடி படியும். நகைப் பட்டறையில முலாம் பூசற மாதிரிதான். ஆனா இங்க ஆசாரி இல்ல! கண்ட இடத்துல முள்ளு முள்ளா படியும். அந்த முள் நடுவுல இருக்கிற பிரிப்பான் படலத்தைக் குத்தினா உள்ளேயே ஷார்ட். அது சார்ஜ் போட்ட அன்னைக்கே நடக்கணும்னு இல்ல, பத்தாவது சார்ஜ்லயும் நடக்கலாம்.

NiMH மோட் ஏன் ஆபத்துன்னு இப்போ புரியும். அந்த மோட் லிப்போவோட உச்ச வோல்டேஜைக் கவனிக்காது, செல்களைத் தனித்தனியா பாலன்ஸும் பண்ணாது.

[திரையில்: பாலன்ஸ் கனெக்டர், மல்டிமீட்டர்]

மூணு செல், 1500 மில்லி ஆம்ப் ஹவர் பேக் ஒண்ணை அளந்து பார்ப்போம். மீட்டரோட கறுப்பு முனை பாலன்ஸ் கனெக்டர்ல இருக்கிற கறுப்பு ஒயர்ல. சிவப்பு முனையை அடுத்தடுத்த ஒயர்ல வெச்சா 2.86, 5.70, 7.75 வருது. ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிங்க: செல்கள் 2.86, 2.84, 2.05. மூணாவது செல் போச்சு, அதனால மொத்த பேக்கும் போச்சு. மத்த ரெண்டும் நல்லா இருக்கேன்னு மனசு அடிச்சுக்கும், விட்டுடுங்க.

அதே மூணாவது செல் 2.80 காட்டியிருந்தா? முயற்சி பண்ணலாம். என் எல்லைக்கோடு 2.5. அதுக்குக் கீழ ஒரு செல் இருந்தாலும், இல்ல பேக் கொஞ்சம் உப்பியிருந்தாலும் தொடமாட்டேன்.

பெஞ்ச் பவர் சப்ளைல வோல்டேஜ் 9.3, கரண்ட் 0.075 ஆம்ப் வைங்க. அதாவது கொள்ளளவுல இருபதுல ஒரு பங்கு. வெட்டவெளியில, தரை ஓடு மேல, பக்கத்துல உட்கார்ந்தே பண்ணணும். அரை மணி நேரத்துக்குள்ள மூணு செல்லும் 3.0-ஐத் தாண்டணும். ஒண்ணு மட்டும் பின்தங்கினாலோ, கையில சூடு தெரிஞ்சாலோ கழட்டிடுங்க. தாண்டிட்டா பாலன்ஸ் சார்ஜர்ல LiPo மோட், 0.5 ஆம்ப், 3.8 வரைக்கும். அப்புறம் ஒரு நாள் சும்மா வைங்க. மறுநாள் ஏதாவது செல் 0.05 வோல்ட்டுக்கு மேல இறங்கியிருந்தா உள்ள கசிவு இருக்கு, மின்கழிவுல கொடுத்துடுங்க. தேறினாலும் இனிமே அது ரெண்டாந்தரம். விலை உயர்ந்த கேமரா ட்ரோனுக்கு வேண்டாம்.

ஸ்மார்ட் பேட்டரி, கேமரா பேட்டரிக்கு இந்த வித்தை கிடையாது. வெளிமுனையில 0 வோல்ட் காட்டினாலும் செல் செத்துடுச்சுன்னு அர்த்தமில்ல, உள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் கதவைச் சாத்தியிருக்கலாம். கம்பெனி சார்ஜர்ல ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க. அப்பவும் எரர் காட்டினா பிரிச்சு நேரடியா கரண்ட் கொடுக்காதீங்க. அந்தக் கதவு சாத்தினதுக்குக் காரணம் இருக்கு.

சரி, எப்படி வைக்கணும்? செல்லுக்கு 3.80ல இருந்து 3.85, சார்ஜர்ல STORAGE மோட். முழு சார்ஜ்ல வெச்சா, அதுவும் மே மாச வெயில்ல கார்ல விட்டா, வேகமா கிழடாகி உப்பும். காலியா வெச்சாலும் தப்பு: 3.5-க்குக் கீழ மிச்சம் இருக்கிறது சொற்பம்தான், சட்டுனு சரிஞ்சிடும்.

இன்னொரு திருடன் இருக்கான்: பாலன்ஸ் கனெக்டர்ல சொருகி மறந்துட்ட குட்டி வோல்டேஜ் அலாரம். அது 10 மில்லி ஆம்ப் இழுத்தாலே ஒரு நாளைக்கு 240 மில்லி ஆம்ப் ஹவர். நம்ம பேக்ல பாதி சார்ஜ்னா 750. மூணு நாள்ல காலி!

வீடியோவை நிறுத்திட்டு அலமாரியில ஒண்ணு சொருகி இருக்கான்னு பார்த்துட்டு வாங்க. இருந்துச்சுன்னா மூணு செல் அளவையும் கமெண்ட்ல போடுங்க, தேறுமான்னு சொல்றேன்.