ஒரே ஒரு ஃபிரேம் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை!

வணக்கம் மக்களே! போன வீடியோவில் பிளெண்டரில் 3டி மாடல் முடித்துக் காட்டினேனே, அந்தப் பித்தளைக் கெண்டி, அது இப்போது சுற்றுகிறது. போர்ட்ஃபோலியோவில் முதல் இடம் அதற்குத்தான். அஞ்சு நொடி வீடியோ, முடிவே தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அஞ்சு நொடிக்கு மூன்று நாள் ஆகிவிட்டது.

நான் எப்போதும் போல பிளெண்டரில் 24 எஃப்.பி.எஸ்., 120 ஃபிரேம் வைத்தேன். முதல் ஃபிரேமில் இசட் அச்சில் 0 டிகிரி, 120-வது ஃபிரேமில் 360 டிகிரி, இரண்டு கீஃபிரேம் போட்டுவிட்டு ரெண்டர் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஒரு ஃபிரேமுக்கு ஒன்றரை நிமிஷம், மொத்தம் மூன்று மணி நேரம். காலையில் ஓடவிட்டுப் பார்த்தால் கெண்டி மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, கடைசியில் பிரேக் பிடித்து நிற்கிறது, மறுபடியும் கிளம்புகிறது. பிளெண்டர் நாம் கேட்காமலே கீஃபிரேம்களுக்கு நடுவில் பெசியர் வளைவைப் போட்டுவிடும். நடக்கிற, குதிக்கிற அனிமேஷனுக்கு அது அழகு. இப்படிப் பொருளை ஒரே சீராகச் சுற்றிக் காட்டுகிற டர்ன்டேபிளுக்கு அதைவிட எரிச்சலான விஷயம் எனக்குத் தெரியாது. கிராஃப் எடிட்டரில் இரண்டு கீயையும் செலக்ட் செய்து `T` அழுத்தி `Linear` கொடுத்தால் வளைவு நேர்கோடாகிவிடும்.

சரி, மறுபடியும் மூன்று மணி நேரம். இப்போது வேகம் ஒரே சீர்தான், ஆனால் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கண்ணில் ஒரு சின்ன தட்டல். ஒரு நாள் முழுக்க லைட்டை, டீனாய்ஸரை எல்லாம் சந்தேகப்பட்டேன். காரணம் ரொம்ப எளிது: 360 டிகிரியும் 0 டிகிரியும் ஒரே படம். 120-வது படம் முடிந்து முதல் படம் வரும்போது அதே காட்சி இரண்டு தடவை வருகிறது, கெண்டி ஒரு ஃபிரேம் நின்றுவிட்டுப் போகிறது. அதனால் 360-ஐ 121-வது ஃபிரேமில் வைத்துவிட்டு, `End` மட்டும் 120 என்று விட வேண்டும். கடைசி ஃபிரேமில் நின்று ரொட்டேஷன் எண்ணைப் பாருங்கள், 357 என்று இருந்தால் சரி, 360 என்று இருந்தால் தட்டும்.

இப்போது கேளுங்கள், இதுதான் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது தடவை ரெண்டர் கொடுக்கவே இல்லை! நான் வீடியோவாக ரெண்டர் எடுக்க மாட்டேன், பி.என்.ஜி. படங்களாகத்தான் எடுப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். `0120.png` ஒன்றை மட்டும் தூக்கிவிட்டு, மீதி 119 படங்களைக் கோர்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. வீடியோ அஞ்சு நொடிக்குத் துளி குறைவு, யாருக்கும் தெரியாது.

அய்யோ, ஒன்றை விட்டுவிட்டேன், இதெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னாடி நடந்தது. கெண்டிக்கு ஒரு பக்கம் மூக்கு இருக்கிறது இல்லையா, `Origin to Geometry` கொடுத்தால் நடுப்புள்ளி மூக்குப் பக்கம் நகர்ந்துவிடும், சுற்றும்போது கெண்டி தள்ளாடும். அடிப்பாகத்து வட்டத்தை மட்டும் செலக்ட் செய்து, `Shift+S` போய் கர்சரை அதன் நடுவுக்குக் கொண்டுவந்து, ஆரிஜினை அந்தக் கர்சரில் வையுங்கள்.

கேமராவுக்கு நான் 85 எம்.எம். வைத்துத் தள்ளி நின்றேன். முதலில் 35-இல் கிட்ட வைத்திருந்தேன், மூக்கு கேமரா பக்கம் திரும்பும்போதெல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி பெருத்துப் போய், பின்பக்கம் போனதும் சுருங்கியது. 85-இல் கெண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கெண்டியாக இருக்கிறது.

லைட்டில்தான் பித்தளை படுத்தியது. பாயிண்ட் லைட் வைத்தால் பளபளப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாக மட்டும் தெரியும், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. உலோகத்துக்குத் தன் மேல் பிரதிபலிக்க ஏதாவது அகலமாக வேண்டும், அதனால் இடது பக்கம் கெண்டியைவிட நாலு மடங்கு பெரிய ஏரியா லைட், பின்னால் விளிம்புக்கு ஒல்லியாக ஒன்று. அப்புறமும் ஒரு சிக்கல். லைட்டும் கேமராவும் அசையாமல் கெண்டி மட்டும் சுற்றுகிறது, வயிறு உருண்டை, அதனால் பளபளப்பு அதே இடத்தில் நிற்கிறது. பானை அசையாமல் மூக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. வயிற்றில் சுத்தியல் தட்டிய தடங்களை மெட்டீரியலின் பம்ப்பில் லேசான மேடுபள்ளமாகச் சேர்த்தேன். ஒவ்வொரு தடமும் லைட்டைக் கடக்கும்போது மினுங்குகிறது, முழுக் கெண்டியும் சுற்றுவது அப்போதுதான் தெரிந்தது.

இனிமேல் முதலில் வியூபோர்ட்டை அப்படியே ஒரு வீடியோவாக எடுத்து லூப்பில் ஓடவிட்டுப் பார்ப்பேன், ஒரு நிமிஷம்கூட ஆகாது, தட்டலும் தள்ளாட்டமும் அதிலேயே தெரிந்துவிடும். கெண்டி இதோ, அஞ்சு சுற்று விடுகிறேன், எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்துக் கமெண்டில் சொல்லுங்கள்.