சுருக்கம் மட்டும் கையில் இருக்கும்போது: ஓர் ஆய்வின் கணக்கை எவ்வளவு தூரம் சோதிக்கலாம்?

[திரையில்: ஓர் ஆய்வுச் சுருக்கம். மூலையில் "விளக்கத்துக்காக உருவாக்கியது" என்ற குறிப்பு.]

"நாள்பட்ட முதுகுவலி உள்ள 80 பேர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 100 புள்ளி அளவுகோலில், 12 வாரங்களுக்குப் பின் மருந்துக் குழுவில் வலி 6 புள்ளி குறைந்தது (p = 0.03). போலி மாத்திரைக் குழுவில் குறைந்த 4 புள்ளிகள் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கவை அல்ல (p = 0.15). எனவே இம்மருந்து பயனளிக்கிறது."

யாரோ இதை அனுப்பி, "பாருங்கள், நிரூபித்துவிட்டார்கள்" என்கிறார். முழுக் கட்டுரை கட்டணத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. நம்மிடம் இருப்பவை இந்த நான்கு வாக்கியங்கள்தான். இவற்றை வைத்தே ஒரு பயனுள்ள வேலை செய்யலாம். அதற்கு முன், இந்த வாக்கியங்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று பார்ப்போம்.

[திரையில்: "p = 0.03" மட்டும் பெரிதாகிறது.]

உண்மையில் மாற்றமே இல்லை என்றால், இவ்வளவோ அதற்கு மேலோ மாற்றம் தற்செயலாக வரும் வாய்ப்பே பி-மதிப்பு. அது 0.05-க்குக் கீழே இருந்தால் "குறிப்பிடத்தக்கது" என்பது வழக்கம். இங்குள்ள முதல் பி-மதிப்பு மருந்துக் குழுவை அதே குழுவின் தொடக்க நிலையோடு ஒப்பிடுகிறது. இரண்டாவது, போலிக் குழுவை அதன் தொடக்க நிலையோடு ஒப்பிடுகிறது. மருந்தைப் போலி மாத்திரையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட எண் எங்கும் இல்லை. ஆனால் "பயனளிக்கிறது" என்ற முடிவுக்குத் தேவைப்படுவது அந்த எண்தான்.

தொடக்கத்தோடு ஒப்பிட்டால் என்ன குறை? வலி அதிகமாக இருக்கும் நாட்களில்தான் ஒருவர் மருத்துவரிடம் போவார், ஆய்விலும் சேருவார். நாள்பட்ட வலி ஏறி இறங்கும் தன்மையுடையது. உச்சத்தில் இருக்கும்போது அளந்துவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்தால், எதுவும் செய்யாவிட்டாலும் சராசரி இறங்கியிருக்கும். போலிக் குழுவை வைப்பதே இந்த இயல்பான இறக்கத்தைக் கழித்துவிடத்தான். அந்தக் குழுவைச் சேர்த்துவிட்டு, கழித்தலை மட்டும் செய்யாமல் விட்டால், அந்த நாற்பது பேரையும் வீணாகத்தான் சிரமப்படுத்தியிருக்கிறார்கள்.

ஒன்று குறிப்பிடத்தக்கது, மற்றது அல்ல என்பதை வைத்தே இரண்டும் வேறுபடுகின்றன என்று முடிவுகட்டுவது கற்றுக்குட்டிகள் மட்டும் செய்யும் பிழை அல்ல. 2011-இல் வெளியான ஓர் அலசல், முன்னணி இதழ்களில் வந்த 513 நரம்பியல் கட்டுரைகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 157 கட்டுரைகளில் இந்தப் பிழைக்கு இடமிருந்தது. ஏறக்குறைய பாதி, அதாவது 79 கட்டுரைகள், அதைச் செய்திருந்தன.

[திரையில்: வெள்ளைப் பலகை. கணக்கு வரி வரியாக எழுதப்படுகிறது.]

இனி, விடுபட்ட கழித்தலை நாமே செய்வோம். பி-மதிப்பு துல்லியமாகக் கொடுக்கப்பட்டிருந்தால், அதிலிருந்து பின்னோக்கிப் போய்த் திட்டப் பிழையை, அதாவது ஒரு சராசரி தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்ற அளவை, கண்டுபிடிக்கலாம். மாற்றம் திட்டப் பிழையைப் போல் எத்தனை மடங்கு என்பதே இசட் மதிப்பு. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் 0.03-க்கு நேரான இசட் மதிப்பு 2.17, 0.15-க்கு 1.44. மாற்றத்தை இசட் மதிப்பால் வகுத்தால் திட்டப் பிழை வந்துவிடும்.

```
மருந்து:   6 / 2.17 = 2.76
போலி:     4 / 1.44 = 2.78
வேறுபாடு:  6 - 4 = 2
திட்டப் பிழை: √(2.76² + 2.78²) = 3.92
z = 2 / 3.92 = 0.51,  p ≈ 0.61
```

இரண்டு குழுக்களின் திட்டப் பிழைகளைச் சும்மா கூட்டக் கூடாது. வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வேறுபாட்டின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது இந்தத் தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வீச்சு, ஏறக்குறைய -5.7 முதல் 9.7 வரை வருகிறது. பூஜ்யம் அதற்குள் தாராளமாக உட்கார்ந்திருக்கிறது.

நம் கணக்கையும் ஒருமுறை சந்தேகப்பட்டுப் பார்க்கலாம். குழுவுக்கு 40 பேர் என்றால், 2.76-ஐ 40-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் திட்ட விலக்கம், அதாவது ஆளுக்கு ஆள் மாற்றம் எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவு, 17.5 புள்ளி. நூறு புள்ளி அளவுகோலில் இது நம்பக்கூடிய எண். இதுவே 2 என்றோ 70 என்றோ வந்திருந்தால், சுருக்கத்தில் எங்கோ எண் பிசகியிருக்கிறது என்று பொருள்.

[திரையில்: பலகை அப்படியே இருக்க, மேலே "இதிலிருந்து எதைச் சொல்ல முடியாது?"]

இந்த இடத்தில்தான் பலர் உற்சாகத்தில் எல்லை மீறுகிறார்கள். நாம் கண்டது, இந்தச் சுருக்கம் தன் முடிவுக்கு ஆதாரம் தரவில்லை என்பதை மட்டுமே.

"மருந்து வேலை செய்யாது" என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அந்த இடைவெளியின் மேல் முனை 9.7. அது நோயாளி உணரக்கூடிய நிவாரணமாகவே இருக்கலாம். ஆய்வு சிறியது, அதனால் அதன் விடை மங்கலாக இருக்கிறது. மருந்தைப் பற்றி அதற்கு மேல் எதுவும் தெரியாது.

"ஆசிரியர்கள் தவறு செய்துவிட்டார்கள்" என்றும் சொல்ல முடியாது. முழுக் கட்டுரையில் நேரடி ஒப்பீடு இருக்கலாம். தொடக்க வலி அளவைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்யும் முறையில் திட்டப் பிழை சுருங்கும். ஆனால் 2 புள்ளி வேறுபாடு 0.05 என்ற கோட்டைத் தாண்ட வேண்டுமானால், திட்டப் பிழை 3.92-லிருந்து ஏறத்தாழ 1-க்கு, அதாவது நான்கில் ஒரு பங்காக, இறங்க வேண்டும். அது சாதாரணமாக நடப்பதில்லை. மாறாக, இரு குழுக்களும் தொடக்கத்திலேயே வேறு வேறு நிலையில் இருந்திருந்தால், சரிசெய்தபின் வேறுபாடு 2 என்பதே மாறக்கூடும். சுருக்கத்தில் தொடக்க எண்கள் இல்லாததால், அந்தக் கதவை நாம் மூட முடியாது.

பிரிக்கப்பட்ட 80 பேரில் கடைசிவரை எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் சுருக்கத்தில் இல்லை. வலிதான் முதலிலேயே அறிவித்த முதன்மை விளைவா, அல்லது பத்து அளவீடுகளில் நன்றாக வந்த ஒன்றா என்பதும் தெரியாது. பின்னதற்கு மட்டும் ஒரு வழி உண்டு: ஆய்வு ClinicalTrials.gov போன்ற பொதுப் பதிவேட்டில் இருந்தால், முதன்மை விளைவு என்று எதை, எந்தத் தேதியில் குறிப்பிட்டார்கள் என்பதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். முடிவு வந்தபின் அந்த வரி திருத்தப்பட்டிருந்தால், அந்தத் திருத்த வரலாறும் அங்கேயே இருக்கும்.

[திரையில்: "p < 0.05" மற்றும் "குறிப்பிடத்தக்கதல்ல" என்ற இரு சொற்கள்.]

பல சுருக்கங்களில் துல்லியமான பி-மதிப்புகூட இருக்காது. "மருந்துக் குழுவில் p < 0.05, போலிக் குழுவில் குறிப்பிடத்தக்கதல்ல" என்று மட்டும் இருக்கும். அப்போதும் மாற்றங்களின் அளவு தெரிந்தால் ஒரு வேலை செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

போலிக் குழுவின் 4 புள்ளி குறிப்பிடத்தக்கதல்ல என்றால், அதன் இசட் மதிப்பு, 0.05-க்கு நேரான 1.96-க்குக் கீழே. ஆகவே அதன் திட்டப் பிழை 4 / 1.96, அதாவது 2.04-க்கு மேல். மருந்துக் குழுவின் திட்டப் பிழை பூஜ்யம் என்றே தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், வேறுபாட்டின் திட்டப் பிழை 2.04-ஐவிடக் குறையாது. வேறுபாடு 2. எனவே இசட் 1-ஐத் தொடாது, பி-மதிப்பு 0.3-க்குக் கீழே இறங்க வழியே இல்லை.

இதைப் பொதுவாக்கினால், போலிக் குழுவின் முன்னேற்றம் மருந்துக் குழுவின் முன்னேற்றத்தில் பாதிக்கு மேல் இருந்து, ஆனால் "குறிப்பிடத்தக்கதல்ல" என்று எழுதப்பட்டிருந்தால், சரிசெய்யாத நேரடி ஒப்பீடும் குறிப்பிடத்தக்கதாக வராது. காகிதமே வேண்டாம், மனக்கணக்கே போதும்.

பாதிக்குக் கீழே என்றால் இந்தக் குறுக்குவழி உதவாது. மருந்துக்கு 6, போலிக்கு 1 என்று இருந்தால், நேரடி ஒப்பீடு எந்தப் பக்கமும் விழலாம். அப்போது சுருக்கத்தை அனுப்பியவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முழுக் கட்டுரையின் முடிவு அட்டவணையில் "குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு" என்ற வரியும், அதன் நம்பிக்கை இடைவெளியும்.