தண்ணீரை விட்டு எழுந்த சக்கரம்

நேயர்களுக்கு வணக்கம். சரக்கை இறக்கிவிட்டு வெறுங்கப்பலாகத் திரும்பும்போது என்ஜின் அறையில் வேலை செய்கிறவனுக்கு ஒரு சத்தம் பழகிப்போகும். பெரிய அலை ஒன்று வந்து கப்பலின் பின்புறத்தைத் தூக்கும். அடியில் சுற்றிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் பாதி வெளியே வந்துவிடும். எதிர்த்துப் பிடிக்கத் தண்ணீர் இல்லை என்றதும் என்ஜின் திடீரென்று வேகமெடுத்துக் கத்தும், காலடித் தகடு அதிரும். அடுத்த நிமிடம் பின்புறம் கீழே இறங்கும். புரொப்பெல்லர் தண்ணீரில் அறைய, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி என்ஜின் முனகும். இதற்குப் பயந்துதான் வெறுங்கப்பலின் பலாஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக் கனமாக்கிக்கொள்கிறோம்.

எங்களுக்கு இது எப்போதாவது வரும் தொல்லை. 1838-இல் அட்லாண்டிக்கைக் கடந்த நீராவிக் கப்பல்களுக்கோ இது அன்றாடத் தொல்லை. அவற்றின் சக்கரம் கப்பலுக்கு அடியில் இல்லை, இரண்டு பக்கமும் விலாவில் இருந்தது.

துடுப்புச் சக்கரம் என்பது, மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிப் பலகைகளை அறைந்து, அதன் கால்பங்கை மட்டும் தண்ணீரில் முக்கிவைத்தது போல. சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு பலகையும் மேலிருந்து இறங்கித் தண்ணீரை அறைகிறது, அடியில் பின்னோக்கித் தள்ளுகிறது, மறுபக்கம் ஏறும்போது தண்ணீரை வாரித் தூக்குகிறது. இந்த மூன்றில் கப்பலை நகர்த்துவது நடுவில் உள்ளது மட்டும்தான். பலகை சரியான ஆழத்தில் இருந்தால் வீணாவது குறைவு. ஆழம் கூடினால் அறைவதும் வாருவதும் கூடும். ஆழம் குறைந்தால் பிடிக்கத் தண்ணீரே இல்லை. எல்லாம் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது.

ஆற்றிலும் ஏரியிலும் இது பிரச்சினை இல்லை. பெரிய அலை கிடையாது, கப்பலின் எடையும் அதிகம் மாறாது. கடல் பயணம் அப்படியா? பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் இசம்பார்ட் பிருனெல் வடிவமைத்த கிரேட் வெஸ்டர்ன் கப்பலை எடுத்துக்கொள்வோம். 1838 ஏப்ரல் 8-ஆம் தேதி புறப்பட்டு, 23-ஆம் தேதி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. போட்டிக்குக் கிளம்பிய சிரியஸ் என்ற சின்னக் கப்பல் நான்கு நாள் முன்னதாக அயர்லாந்திலிருந்து புறப்பட்டு, ஒரே நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருந்தது. சிரியஸில் கரி ஏறக்குறைய தீர்ந்துவிட்டிருந்தது. கிரேட் வெஸ்டர்னில் சுமார் 200 டன் மிச்சம் இருந்தது. பிருனெலின் கணக்கு எளிமையானது. கப்பலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் உள்ளே கொள்ளும் இடம் எட்டு மடங்காகிறது. தண்ணீர் கொடுக்கும் தடையோ ஏறக்குறைய நான்கு மடங்குதான். ஆகவே பெரிய கப்பலால் தன் கரியைத் தானே சுமக்க முடியும்.

ஆனால் அந்தக் கணக்கிலேயே ஒரு வம்பும் ஒளிந்திருந்தது. நூற்றுக்கணக்கான டன் கரியோடு புறப்படும் கப்பல் தண்ணீரில் அமிழ்ந்து கிடக்கும். பலகைகள் வேண்டியதைவிட ஆழத்தில் போராடும். வழியெல்லாம் கரி எரிந்து புகையாகப் போகப்போகக் கப்பல் மேலெழும். பயண முடிவில் அதே பலகைகள் மேல்தண்ணீரைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். சரியான ஆழம் என்பது பயணத்தின் நடுவில் சில நாட்களுக்கு மட்டுமே கிடைத்தது.

அலை வந்தால் இன்னும் மோசம். கப்பல் பக்கவாட்டில் உருளும்போது ஒரு சக்கரம் ஆழ முங்கும், மறு சக்கரம் காற்றில் சுற்றும். கப்பல் ஒருமுறை இடப்பக்கம் இழுக்கும், அடுத்தமுறை வலப்பக்கம் இழுக்கும். சுக்கான் பிடிப்பவனுக்கு ஓய்வே கிடையாது. கரியை மிச்சப்படுத்தப் பாய் விரிக்கலாம் என்றால், பாயில் காற்று பிடித்ததும் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அப்போதும் அதே கதை. துடுப்புச் சக்கரக் கப்பலில் காற்றும் நீராவியும் கூட்டாளிகள் அல்ல, சக்களத்திகள்.

இதற்கு விடை கண்டவர் கப்பல் கட்டுபவர் அல்ல. லண்டனுக்குப் பக்கத்தில் ஹெண்டனில் விவசாயம் பார்த்த பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித். பொம்மைப் படகுகளைக் குளத்தில் விட்டுப் பார்ப்பது அவருக்குப் பித்து. படகின் அடியில், பின்பக்கம், ஒரு திருகாணியைச் சுழலவிட்டால் அது மரத்தைத் துளைத்து முன்னேறுவது போலத் தண்ணீரைத் துளைத்து முன்னேறும் என்று நினைத்தார். 1836-இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில வாரங்களிலேயே ஜான் எரிக்சன் என்ற சுவீடன்காரரும் தனியாக இன்னொரு காப்புரிமை வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்மித்தின் முதல் திருகு மரத்தால் ஆனது, இரண்டு முழுச் சுற்றுக் கொண்டது. 1837-இல் லண்டனின் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிலோ இடித்து அதில் பாதி உடைந்து போனது. பாழாய்ப்போச்சு என்று தலையில் கைவைக்க வேண்டிய நேரம். ஆனால் படகு முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கியது!

காரணம் என்ன? திருகின் முதல் சுற்று அசையாத தண்ணீரைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது. இரண்டாவது சுற்றுக்குக் கிடைப்பதோ ஏற்கெனவே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர். அதைத் தள்ளிப் பெரிதாகப் பலனில்லை. மரத்தின் மேல் தண்ணீர் உரசும் தடைதான் மிச்சம். இன்றைய புரொப்பெல்லரில் திருகாணியின் முழுச் சுற்று எங்கும் இல்லை, சில குட்டையான இதழ்கள் மட்டுமே இருக்கின்றன. அந்த வெட்டு கால்வாயில் நடந்த விபத்தில் தொடங்கியது.

அதன்பின் ஆர்க்கிமிடீஸ் என்ற பெயரில் கடலோடும் கப்பலே கட்டினார்கள். பிருனெல் அப்போது கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பலைத் துடுப்புச் சக்கரத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்தார். 1840-இல் ஆர்க்கிமிடீஸை இரவல் வாங்கிச் சோதித்துப் பார்த்துவிட்டு, பாதி வேலை நடந்த கப்பலின் திட்டத்தையே மாற்றினார். புரொப்பெல்லர் கப்பலின் நடுக்கோட்டில், அடியாழத்தில் இருக்கிறது. கரி குறைந்தாலும் கப்பல் உருண்டாலும் அதன் மேல் தண்ணீர் இருந்துகொண்டே இருக்கும். பாய் விரித்துச் சாய்ந்தாலும் கவலையில்லை.

ஆனால் இங்கே வேறொரு முட்டுக்கட்டை. அன்றைய என்ஜின்கள் துடுப்புச் சக்கரத்துக்காகவே பிறந்தவை. பிருனெலின் என்ஜின் நிமிடத்துக்கு 18 சுற்றுதான் சுற்றும். புரொப்பெல்லருக்கு ஐம்பதுக்கு மேல் வேண்டும். 18 அடி விட்டத்துக்குப் பெரிய உருளை ஒன்றை என்ஜினிலும், 6 அடி உருளை ஒன்றைப் புரொப்பெல்லர் தண்டிலும் வைத்து, பல்சங்கிலிகளால் இணைத்தார். சைக்கிளில் பெரிய பல்சக்கரத்தை மிதித்தால் பின்னால் சின்னது மூன்று மடங்கு சுற்றுமே, அதே வேலைதான்.

1845 ஜூலை 26-ஆம் தேதி லிவர்பூலிலிருந்து கிளம்பிய கிரேட் பிரிட்டன் பதினைந்து நாளுக்குள் நியூயார்க்கை எட்டியது. இரண்டாவது பயணத்தில் ஆறு இதழ் புரொப்பெல்லரின் இதழ்கள் உடைந்து விழ, பாய் விரித்துத்தான் ஊர் திரும்பியது. புதிய வித்தைக்குப் பழைய வித்தை கைகொடுத்த தருணம்.

அதே 1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய வடமிழுக்கும் போட்டியை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். புரொப்பெல்லர் கொண்ட ராட்லரையும் துடுப்புச் சக்கரம் கொண்ட அலெக்டோவையும் பின்பக்கமாகக் கட்டிவிட்டு, எதிரெதிரே இழுக்க விட்டார்கள். அலெக்டோவின் என்ஜின் முழு வேகத்தில் சுற்றியும், ராட்லர் அதை மணிக்கு இரண்டரை மைலுக்கு மேலான வேகத்தில் பின்னோக்கி இழுத்துப் போனது. பார்க்க நல்ல வேடிக்கை. ஆனால் நான் இதைப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. என்ஜின்கள் பெயரளவில்தான் சமம். வடத்தில் கட்டிய நிலையில் அலெக்டோவின் என்ஜினால் தன் முழு சக்தியைக் கொடுக்க முடியவில்லை. போதாததற்கு, கடற்படை அதற்கு முன்பே புரொப்பெல்லர் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டிருந்தது.

நிஜமான தலைவலி தண்டு கப்பலின் உடலைத் துளைத்து வெளியேறும் இடம். அங்கே வைத்த பித்தளைத் தாங்கிகள் மாதக்கணக்கில் ஓடித் தேய, இடைவெளி பெருத்துக் கடல் உள்ளே வந்தது. 1850-களின் நடுவில் ஜான் பென் என்ற பொறியாளர் விடை கண்டார்: லிக்னம் வைட்டே என்ற எண்ணெய்ப்பசையுள்ள கனத்த மரம். அதைப் பட்டைகளாக்கித் தாங்கிக்குள் பதித்தால் கடல்நீரே மசகு. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பழைய கப்பலில் அதே மரம்தான் இருந்தது. தண்டுச் சுரங்கத்துக்குள் குனிந்து போய், தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கிளாண்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா, ஒழுகுகிறதா என்று பார்ப்பது இளையவனான என் வேலை. சொட்டினால் நல்லது, தாங்கி குளிர்ந்திருக்கிறது. சொட்டவே இல்லை என்றால் கையை வைத்துப் பார்க்க வேண்டும், சூடேறுகிறது என்று அர்த்தம்.

சரி, இவ்வளவும் வந்தபின் பாய்மரக் கப்பல் உடனே போய்விட்டதா? இல்லை. அட்லாண்டிக்கில் தபாலும் பயணிகளும் நீராவிக்கு வந்தார்களே தவிர, சீனா, ஆஸ்திரேலியா போன்ற தூர வழிகளில் கரியே சரக்கின் இடத்தைத் தின்றுவிடும். காற்றுக்கு விலை கிடையாது, இடமும் வேண்டாம். 1866-இல் சீனாவின் ஃபூச்சோவிலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு பந்தயமாக ஓடிய பாய்மரக் கப்பல்கள் 99 நாளில் லண்டன் வந்தன. முதல் இரண்டும் சில நிமிட இடைவெளியில்! ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. ஆனால் அவை கிளம்பிய சில நாள் கழித்து அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்ட எர்ல் கிங் என்ற புரொப்பெல்லர் கப்பல், 77 நாளில் வந்து, அவற்றுக்கு இரண்டு வாரம் முன்பே லண்டனில் நின்றிருந்தது.

அதே ஆண்டு லிவர்பூலின் ஆல்பிரட் ஹோல்ட் தன் அகமெம்னான் கப்பலை சீனாவுக்கு அனுப்பினார். அதன் என்ஜினில் நீராவி ஒரு சிலிண்டரில் வேலை செய்துவிட்டு, மிச்ச அழுத்தத்தோடு இன்னொரு பெரிய சிலிண்டரிலும் வேலை செய்தது. நாளுக்கு 20 டன் அளவுக்கே கரி செலவு. லிவர்பூலிலிருந்து மொரீஷியஸ் வரை 8,500 மைல், வழியில் எங்கும் கரி ஏற்றாமல்! துடுப்புச் சக்கரத்தை விடாமல் பிடித்திருந்த குனார்ட் நிறுவனத்தின் ஸ்கோஷியா, அட்லாண்டிக்கில் நாளுக்கு சுமார் 160 டன் எரித்துக்கொண்டிருந்தது. அது அதிவேகப் பயணிகள் கப்பல் என்பதால் நேர் ஒப்பீடு சரியல்ல. ஆனாலும் வணிகன் எதைப் பார்ப்பான் என்று சொல்லவேண்டியதில்லை. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தபோது, செங்கடலின் காற்று பாய்க்கு ஒத்துழைக்காததால் அந்தக் குறுக்குவழி நீராவிக்கு மட்டுமே என்றாயிற்று.

துடுப்புச் சக்கரம் துறைமுகத்தில் மட்டும் நீண்ட காலம் பிழைத்தது. இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்ற வைத்தால், இழுவைக்கப்பல் நின்ற இடத்திலேயே திரும்பும். அலையில்லாத இடத்தில் அது இன்றும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

கிரேட் பிரிட்டனின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1882-இல் அதன் என்ஜினைப் பிடுங்கி எடுத்துவிட்டு, முழுப் பாய்மரக் கப்பலாக மாற்றினார்கள். உலகெங்கும் நீராவிக் கப்பல்களுக்குக் கரி வேண்டும். அந்தக் கரியைத் துறைமுகம் துறைமுகமாகக் கொண்டுபோய்க் கொட்ட மலிவான வண்டி இன்னமும் பாய்மரம்தான். பெருங்கடலைப் புரொப்பெல்லரால் கடந்த அந்த முதல் பெரிய இரும்புக் கப்பல், தன் கடைசிக் கடல் பயணங்களில், காற்றில் பாய் விரித்து வேல்ஸ் நாட்டு நிலக்கரியை தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை வழியாக சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமந்துகொண்டிருந்தது. வணக்கம்.