கேபிள் பாதி வார்த்தையில் அறுந்தால் ரோபோ நிற்குமா?

வணக்கம். இன்றைக்கு ரோபோ ஓடாது, மேஜையிலேயே இருக்கப் போகிறோம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இடது பக்கம் இருப்பது ரோபோவின் மெயின் கம்ப்யூட்டர், நடுவில் மோட்டார் கண்ட்ரோலர் போர்டு. இரண்டுமே ரோபோவிலிருந்து கழற்றிய அசல் சாமான்கள். வலது பக்கச் சின்ன போர்டுதான் பொய் சொல்லும் ஆள். கண்ட்ரோலர் மோட்டாருக்கு அனுப்பும் பல்ஸை வாங்கிக்கொண்டு, சக்கரம் சுற்றுவது போலவே என்கோடர் சிக்னலைத் திருப்பித் தரும். கண்ட்ரோலருக்கு மோட்டார் இல்லை என்பதே தெரியாது. ஹார்டுவேர்-இன்-த-லூப் என்பது இவ்வளவுதான்.

இதை ஏன் கட்டினேன் என்றால், ஒரு ஃபீல்டு ட்ரயலில் கேபிள் ஆடிக் கழன்றுவிட்டது. 200 மில்லிசெகண்டு கட்டளை வராவிட்டால் மோட்டாரை நிறுத்து என்று ஃபர்ம்வேரில் எழுதியிருந்தேன். ஆனால் ரோபோ நிற்கவில்லை. நேராகப் போய் வேலியில் முட்டி நின்றது. இத்தனைக்கும் கிளம்புவதற்கு முன் கேபிளை ஐந்து தடவை பிடுங்கிப் பார்த்தேன், ஐந்து தடவையும் நின்றது. சிமுலேஷன் டெஸ்டும் பாஸ்.

சரி, என்ன நடந்தது? கம்ப்யூட்டர் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. ஒரு பாக்கெட்டில் 24 பைட். 115200 வேகத்தில் ஒரு பைட் போக சுமார் 87 மைக்ரோசெகண்டு, ஆக முழு பாக்கெட்டுக்கு 2 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். மீதி நேரம் லைன் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும்போது கேபிள் கழன்றால் பிரச்சினை இல்லை. பாக்கெட் பாதியில் கழன்றால், என் கோடு மிச்ச பைட்டுக்காக ஒரு லூப்பில் காத்துக்கொண்டே நிற்கும். 200 மில்லிசெகண்டு ஆயிற்றா என்று பார்க்கும் வரி அந்த லூப்புக்கு வெளியே இருந்தது. அந்த இடத்துக்கு அது வரவே இல்லை.

சிப்பில் வாட்ச்டாக் இருக்கிறதே, மாட்டிக்கொண்டால் ரீசெட் செய்யாதா என்று கேட்பீர்கள். செய்திருக்கும். ஆனால் எப்போதோ ஒரு அவசரத்தில், அந்தக் காத்திருக்கும் லூப்புக்குள்ளேயே வாட்ச்டாக்கைத் தட்டிக்கொடுக்கும் வரியைப் போட்டிருந்தேன். நானேதான். எல்லாம் நலம் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

சிமுலேஷன் இதைக் காட்டவே காட்டாது, ஏனென்றால் அங்கே மெசேஜ் முழுசாக வரும் அல்லது வராது. பாதி மெசேஜ் என்ற ஒன்று கிடையாது. கையால் பிடுங்கினால்? பாதியில் மாட்டுவது பத்தில் ஒரு தடவைதான். ஐந்து தடவை பிடுங்கி ஐந்தும் தப்பிக்க நூற்றுக்கு 58 வாய்ப்பு. நான் செய்த சோதனை கிட்டத்தட்ட காசு சுண்டுவது மாதிரி.

இப்போது சின்ன போர்டு இன்னொரு வேலையும் செய்கிறது. கட்டளை வரும் லைன் அதன் வழியாகத்தான் போகிறது. சொன்ன பைட்டுக்கு அப்புறம் வாயை மூடிக்கொள்ளும். முதலில் ரிலே வைத்துப் பார்த்தேன், அது திறக்கவே சில மில்லிசெகண்டு எடுக்கும், பைட் அளவில் வெட்ட முடியாது.

```python
@pytest.mark.parametrize("n", range(24))
def test_cut_after_byte(bench, n):
    bench.drive(1.5)
    bench.cut_after_byte(n)
    assert bench.ms_to_pwm_zero() < 250
```

நேரத்தை அளப்பது பைத்தான் அல்ல, அந்த போர்டின் டைமர். கம்ப்யூட்டரில் அளந்தால் அதன் தாமதமும் சேர்ந்து, டெஸ்ட் ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில் என்று விளையாடும். பழைய ஃபர்ம்வேரை ஏற்றி ஓட்டினால் n பூஜ்யமாக இருக்கும்போது மட்டும் பாஸ், மிச்சம் 23-ம் சிவப்பு. புது டெஸ்ட் எழுதினால் பழைய தப்பான கோடில் அது ஃபெயில் ஆகிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அது எதைப் பிடிக்கிறது என்றே தெரியாது.

திருத்தம் சின்னது. பைட் வந்தால் எடு, வராவிட்டால் நகர்ந்துவிடு. நேரம் பார்ப்பது டைமர் இன்டரப்டில். வாட்ச்டாக்கைத் தட்டுவது மெயின் லூப்பின் கடைசியில், ஒரே இடத்தில்.

ஆனால் 250 மில்லிசெகண்டு என்பது பல்ஸ் பூஜ்யமாகும் நேரம் மட்டும். விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அதற்குள்ளேயே 37 சென்டிமீட்டர் போய்விடும். அதற்கு மேல் சக்கரம் எவ்வளவு உருளும் என்பது தரையைப் பொறுத்தது, இந்த மேஜை அதைச் சொல்லாது. அதைக் களத்தில் மெதுவான வேகத்தில் தொடங்கித்தான் அளக்க வேண்டும்.

கடைசியாக, இந்த டெஸ்ட் பாஸ் ஆன ஃபர்ம்வேர்தான் ரோபோவில் இருக்கிறதா? பில்டு செய்யும்போது `git describe --always --dirty` தரும் பெயரை ஃபர்ம்வேருக்குள் வைத்துவிடுகிறேன். ரோபோ எழுந்ததும் போர்டிடம் அந்தப் பெயரைக் கேட்டு, மேஜையில் பாஸ் ஆன பட்டியலில் தேடும். இல்லையென்றாலும், பெயரின் கடைசியில் `-dirty` இருந்தாலும், மோட்டாருக்கு அனுமதி கிடையாது. போன ட்ரயலில் இது என்னையே தடுத்தது. களத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு எண்ணை மாற்றி ஏற்றியிருந்தேன். கடுப்பாகத்தான் இருந்தது, லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பி வந்தேன்.