அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ரொறன்ரோவில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். உங்களில் பலர் குடும்ப மருத்துவர்கள். ஒரு இளைஞனுக்கு முதன்முறையாக மனப்பிறழ்வு வரும்போது அந்தக் குடும்பம் முதலில் உங்கள் அறைக்குத்தான் வரும். அந்த முதல் சந்திப்பிலும் அதைத் தொடரும் சந்திப்புகளிலும் நீங்கள் என்ன செய்யலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2003இல் மோர்ட்டன் பைசர் குழுவினர் ரொறன்ரோத் தமிழர் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போரின் பேரதிர்ச்சியால் வரும் மன அழுத்த நோய் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரிடம் இருந்தது. அவர்களிலும் பத்தில் ஒருவரளவுக்குத்தான் சிகிச்சை கிடைத்திருந்தது. இங்கே மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் வரவில்லை என்றால், தடை வேறெங்கோ இருக்கிறது.

பல குடும்பங்களில் கண்டதைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி ஒரு கதையாகச் சொல்கிறேன். ஸ்காபரோவில் ஒரு வீடு. மகனுக்கு 21 வயது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. இரவில் நித்திரை இல்லை. மடிக்கணினியின் கமராவைத் துணியால் மூடி வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்கிறான். தாய்க்கு முதலில் தோன்றியது கண்ணூறு. பிறகு ஊரிலுள்ள சாத்திரியாரிடம் தொலைபேசியில் சாதகம் பார்த்தார்கள், சனி சரியில்லை என்றார். கோயிலில் நூல் கட்டினார்கள், தாய் விரதம் பிடித்தார். ஒன்பது மாதம் போய்விட்டது. இதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ எண்ணிவிடாதீர்கள். அவர்கள் ஒவ்வொரு கிழமையும் உதவி தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். மற்றவர் கண்ணில் படாத இடங்களில் தேடினார்கள், அவ்வளவுதான்.

ஏன் அப்படி? அக்காவுக்கு 27 வயது, கலியாணப் பேச்சு நடக்கிறது. “தம்பிக்கு விசராம்” என்ற ஒரு சொல் வெளியே போனால் சம்பந்தம் குழம்பிவிடும். தாய்க்குத் தெரிந்த மனநல மருத்துவமனை அங்கொடை ஒன்றுதான். இலங்கையில் அந்தப் பெயர் வசைச்சொல்லாகவே புழங்கியது. அங்கே அனுப்பப்பட்டவர் திரும்பி வரமாட்டார் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

கடைசியில் அவர்கள் உங்களிடம் வருகிறார்கள். “டொக்டர், இவனுக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, தலையிடி” என்கிறார் தாய். அங்கேதான் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். பையன் இங்கே வளர்ந்தவன், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறான். எனவே மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று முடிவெடுக்கிறோம். அவனோடு ஆங்கிலத்தில் பேசுகிறோம். அவன் “பரீட்சை அழுத்தம்” என்கிறான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான், முகத்தில் உணர்ச்சி இல்லை. ஒன்பது மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்த தாய், அந்தப் பேச்சு விளங்காமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரத்தப் பரிசோதனைக்கும் நித்திரைக் குளிசைக்கும் எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். இன்னும் ஆறு மாதம் கழிகிறது.

மொழிபெயர்ப்பாளர் பையனுக்கு வேண்டாம், தாய்க்கு வேண்டும். அதுவும் குடும்பத்தில் ஒருவராக இருக்கக் கூடாது. அக்காவை இதற்குப் பயன்படுத்தினால் தாய் வாயே திறக்கமாட்டார். முதலில் பையனைத் தனியாகப் பாருங்கள். குரல் கேட்கிறதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். பிறகு, அவனிடம் சொல்லிவிட்டுத் தாயைத் தனியாகப் பாருங்கள். பையன் சம்மதிக்காவிட்டால் தாயிடம் எதையும் சொல்ல முடியாது என்று நம்மில் பலர் அந்தச் சந்திப்பையே தவிர்க்கிறோம். அவன் சம்மதம் இல்லாமல் அவனைப் பற்றி நாம் சொல்லக் கூடாது, சரி. தாய் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதை ஒன்ராறியோச் சட்டம் எங்கும் தடுக்கவில்லை.

கேட்கும் விதம் முக்கியம். “குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?” என்றால் “இல்லை” என்ற பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “உங்கட பக்கத்தில அல்லது அவரின்ட பக்கத்தில, படிப்பை இடையில விட்டவர், கலியாணம் கட்டாமல் வீட்டோட இருந்தவர், தனக்குத்தானே கதைக்கிறவர் யாராவது இருந்தவையோ அம்மா?” இந்தக் குடும்பத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகுதான், பின் அறையிலேயே வாழ்ந்து முடிந்த தகப்பனின் தம்பி பேச்சில் வந்தார். மகளுக்கு அவரைப் பற்றித் தெரியாது.

அடுத்தது இரகசியம். “இது இரகசியமாக இருக்கும்” என்று பொதுவாகச் சொல்வது போதாது. அவர்கள் பயப்படுவது அரசாங்கத்துக்கு அல்ல, வரவேற்பு மேசையில் இருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு. எனவே குறிப்பாகச் சொல்லுங்கள்: கோப்பை யார் திறந்தாலும் அது கணினியில் பதிவாகும், தேவையில்லாமல் பார்ப்பது சட்டமீறல். தன் தகவலை இன்னாருக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: “எந்த மருந்தகத்துக்கு அனுப்பட்டும்?” தாய் உடனே, “வழக்கமாப் போற இடம் வேண்டாம் டொக்டர்” என்றார். அங்கே வேலை செய்பவர் தூரத்து உறவு. இதைக் கேட்காமல் அனுப்பியிருந்தால் அந்த மருந்து எடுக்கப்படாமலே கிடந்திருக்கும். தகப்பனின் வேலைக் காப்புறுதியிலும் மருந்தின் பெயர் பதிவாகும். அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மனப்பிறழ்வு என்ற சந்தேகம் வந்தால் சாதாரணப் பரிந்துரை வரிசையில் நிற்க வைக்காதீர்கள். ஒன்ராறியோவில் முதல் மனப்பிறழ்வுக்கென்றே இலவச ஆரம்பகாலச் சிகிச்சைத் திட்டங்கள் உண்டு. பலவற்றில் குடும்பமே நேரடியாக அழைக்கலாம். கோயிலையும் விரதத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். நூலும் இருக்கட்டும், குளிசையும் இருக்கட்டும். ஆனால் விரத நாளில் குளிசையை விடுகிறானா என்று மட்டும் கேளுங்கள்.

குளிசை நின்றுபோவதற்கு நான் அதிகம் கண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, பகல் முழுக்கத் தூக்கமும் உடம்பு வைப்பதும். தெற்காசியருக்கு நீரிழிவு ஏற்கெனவே அதிகம். ஓலான்சபின் போன்றவை அதைக் கூட்டும். ஆரம்பத்திலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு பாருங்கள், மூன்று மாதத்தில் மறுபடியும் பாருங்கள். “பொடியன் ஊதிப்போனான்” என்று உறவுக்காரர் கேட்கத் தொடங்கினால் தாய் மருந்தை ஒளித்துவிடுவார். மற்றது, ஊர்ப் பயணம். கொழும்பிலோ சென்னையிலோ கலியாண வீடு, ஆறு கிழமை, சொந்தக்காரர் முன்னால் குளிசை போட முடியாது. திரும்பி வரும்போது நோய் மறுபடியும் வந்திருக்கும். பயணம் எப்போது என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேளுங்கள். இரவில் ஒரு தடவை மட்டும் போடும்படி மாற்றலாம், அவன் விரும்பினால் மாதம் ஒரு ஊசியும் உண்டு. அவனுக்கே கலியாணம் பேசுகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். கலியாணம் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கடைசியாக, அவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி: இது அக்காவுக்கும் வருமா, அவளின் பிள்ளைக்கும் வருமா? நோய் ஸ்கிசோஃபிரினியா என்று உறுதியான பிறகு, மகன் சம்மதித்ததும் நானே அந்தப் பேச்சை எடுத்தேன். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு இது வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு. சகோதரனின் அல்லது சகோதரியின் பிள்ளைக்கு நூற்றில் நான்கு என்ற அளவில்தான். வயது கூடக்கூட ஆபத்து குறையும், அக்கா அதில் நல்ல பகுதியைத் தாண்டிவிட்டாள். தகப்பன் அந்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்று அவரும் கேட்டார். அது மகன் சம்மதித்துக் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு, நான் எடுக்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு அக்காவும் வந்தாள், தன் கேள்விகளோடு. அவளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினேன். உங்கள் நேர அட்டவணையிலும் அந்த அரைமணியை முதலிலேயே பதிந்து வையுங்கள்.