மேட்டூர் ஆலையும் ‘நெறிசார்’ ஃபண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறக்கிய காலம் சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்த ஆலையை நடத்தியது மால்கோ என்று நாம் சொல்லும் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி. 2007-ஆம் ஆண்டு நார்வே அரசின் ஓய்வூதிய நிதி, வேதாந்தா குழுமத்தின் பங்குகளை இனி வைத்துக்கொள்வதில்லை என்று அறிவித்தது. மால்கோவின் பெயரும் அந்த விலக்குப் பட்டியலில் இருந்தது. சுற்றுச்சூழலுக்கும் மனித உரிமைக்கும் கடும் பாதிப்பு என்பதே அந்த நிதியின் நெறிமுறைக் குழு காட்டிய காரணம்.

சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்துப் பங்குகளை எடுப்பதாகச் சொல்லும் ஃபண்டுகளுக்கு இஎஸ்ஜி என்று பெயர். நம் ஊரில் இஎஸ்ஜி ஃபண்டில் பணம் போடுகிறவர் பலரும் இதே போன்ற ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மலையைக் கெடுப்பவன், ஆற்றைக் கெடுப்பவன் யாருக்கும் நம் பணம் போகாது என்று நம்புகிறார்கள். அங்கேதான் நிதானிக்க வேண்டும். விலக்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செய்யும் பொருளை வைத்து விலக்குவது: புகையிலை, மது, சூதாட்டம், சில வகை ஆயுதங்கள். இன்னொன்று, நடந்துகொள்ளும் விதத்தை வைத்து விலக்குவது. மால்கோ விலக்கப்பட்டது இரண்டாவது வகையில். அலுமினியம் யாருக்கும் பாவப் பொருள் இல்லை. அதைச் செய்த முறைதான் கேள்விக்கு உள்ளானது. இந்தியாவில் ‘எக்ஸ்குளூஷனரி’ என்று பெயர் வைத்திருக்கும் திட்டங்கள் பெரும்பாலும் முதல் வகைப் பட்டியலோடு தொடங்குகின்றன. நடத்தையை வைத்து ஒரு கம்பெனியை வெளியே தள்ளுவார்களா என்பது ஃபண்டுக்கு ஃபண்டு மாறும்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 ஜூலையில் இதை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. இஎஸ்ஜி திட்டங்களை ஆறு உத்திகளாகப் பிரித்து, எந்த உத்தி என்பதைத் திட்டத்தின் பெயரிலேயே சொல்ல வேண்டும் என்றது. சொன்ன உத்திப்படி குறைந்தது 80 சதவீதப் பணத்தைப் போட வேண்டும் என்றும் வைத்தது. ஆகவே பெயரைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ‘எக்ஸ்குளூஷனரி’ என்றால் சில தொழில்களை ஒதுக்குகிறது. ‘இன்டக்ரேஷன்’ என்றால் எந்தத் தொழிலையும் ஒதுக்க வேண்டிய கட்டாயமில்லை. லாபக் கணக்கோடு சுற்றுச்சூழல், தொழிலாளர், நிர்வாகம் ஆகியவற்றையும் எடை போட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். ‘பெஸ்ட் இன் கிளாஸ்’ என்றால் அந்தந்தத் துறையில் மற்றவர்களைவிட நல்ல மதிப்பெண் வாங்கிய கம்பெனியை எடுக்கிறது. சிமென்ட் கம்பெனியும் அதில் வரலாம். சிகரெட் வேண்டாம் என்று நினைப்பவர் ‘இன்டக்ரேஷன்’ ஃபண்டில் பணம் போட்டால், அவர் கேட்டது ஒன்று, வாங்கியது வேறு.

‘எதிக்கல்’ என்ற சொல்லிலும் ஒரு கவனம் வேண்டும். டாடா எதிக்கல் ஃபண்டு இஸ்லாமிய ஷரியா நெறிப்படி நடப்பது. மது, சூதாட்டத்தோடு, வட்டித் தொழில் என்பதால் வங்கிகளையும், கடன் அதிகம் வாங்கிய கம்பெனிகளையும் அது ஒதுக்குகிறது. அந்த நெறியை விரும்புகிறவருக்கு இது பொருத்தமானது. ஆனால் நிஃப்டி 50-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதி நிறுவனங்கள்தான். அவற்றை எடுத்துவிட்டால் வங்கிப் பங்குகள் ஏறும் ஆண்டில் பின்தங்கும், விழும் ஆண்டில் தாக்குப்பிடிக்கும். சாதாரண இஎஸ்ஜி ஃபண்டுகளில் இதற்கு நேர்மாறாக, முதல் சில இடங்களில் பெரிய தனியார் வங்கிகளும் ஐ.டி. கம்பெனிகளுமே உட்கார்ந்திருக்கும். வங்கிக்குப் புகைபோக்கி இல்லை. அதனால் மதிப்பெண் நன்றாக வரும். அதே வங்கி ஒரு நிலக்கரி மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்திருந்தால் அது அந்த மதிப்பெண்ணில் எந்த அளவு தெரிகிறது என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

இனி வருமானம். ஒதுக்குவதால் நஷ்டமா? சிகரெட் தயாரிக்கும் ஐ.டி.சி.யை எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தப் பங்கு சுமார் 218 ரூபாய், முடிவில் சுமார் 332. ஏறக்குறைய 52 சதவீத ஏற்றம். நிஃப்டி அந்த ஆண்டு ஏறியது 4.3 சதவீதம்தான். கணக்குக்காக, 100 ரூபாயில் 3 ரூபாய் ஐ.டி.சி.யில் இருந்தது என்று வையுங்கள். அந்த 3 ரூபாய் தனியாகவே ஒன்றரை ரூபாய்க்கு மேல் ஈட்டிவிட்டது. மீதி 97 ரூபாய் ஈட்டியது இரண்டே முக்கால் ரூபாய். ஆகவே அந்த ஒரே பங்கை ஒதுக்கியவருக்கு 4.3 சதவீதம் 2.8 ஆகக் குறைந்திருக்கும். சிகரெட்டை ஒதுக்கியதற்கு அந்த ஆண்டு கொடுத்த விலை ஒன்றரை சதவீதம்.

அதோடு விடக்கூடாது. 2016 முடிவில் அதே பங்கு சுமார் 241 ரூபாய். 2020 முடிவில் சுமார் 209. அந்த நான்கு ஆண்டில் நிஃப்டி ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியது. டிவிடெண்டைச் சேர்த்தாலும் ஐ.டி.சி. அதை எட்டவில்லை. அப்போது ஒதுக்கியவருக்கு லாபம். ஒரு ஆண்டின் பட்டியலைக் காட்டி ‘பசுமை ஃபண்டு ஜெயித்தது, தோற்றது’ என்று சொல்பவர் எந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். 2020-ல் ஐ.டி. பங்குகள் ஏறியபோது இஎஸ்ஜி திட்டங்கள் நன்றாகத் தெரிந்தன. 2022-ல் உக்ரைன் போரால் எண்ணெயும் நிலக்கரியும் விலை ஏறியபோது உலகெங்கும் பின்தங்கின. ஒரு திட்டத்தை எடைபோட, டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் நிஃப்டி 100 டி.ஆர்.ஐ. குறியீட்டையும் நிஃப்டி 100 இஎஸ்ஜி டி.ஆர்.ஐ. குறியீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு குறியீடுகளுக்கும் உள்ள வித்தியாசம் வடிகட்டியதன் விளைவு. இஎஸ்ஜி குறியீட்டுக்கும் உங்கள் ஃபண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மேலாளரின் தேர்வும் செலவும்.

அந்தச் செலவுதான் ஆண்டுதோறும் தவறாமல் கழிக்கப்படுவது. திட்டம் சிறியதாக இருந்தால் அதிக சதவீதம் வசூலிக்க விதி இடம் தருகிறது. நம் இஎஸ்ஜி திட்டங்களில் பல சிறியவை. அதற்கு மேல், ஏஜென்ட் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானுக்கும், நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானுக்கும் உள்ள இடைவெளி சில திட்டங்களில் ஒரு சதவீதத்தைத் தாண்டும். ஒரு லட்சம் ரூபாய் 15 ஆண்டு 12 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 5 லட்சத்து 47 ஆயிரம். 11 சதவீதத்தில் சுமார் 4 லட்சத்து 78 ஆயிரம். அந்த ஒரு சதவீதம் தின்றது 69 ஆயிரம். ஐ.டி.சி.யை ஒதுக்கியதில் சில ஆண்டு லாபம் வரும், சில ஆண்டு நஷ்டம் வரும். இந்த ஒரு சதவீதம் எந்த ஆண்டும் திரும்பி வராது.

வாங்குமுன் இரண்டு தாள்களைப் பாருங்கள், இரண்டும் ஃபண்டு கம்பெனியின் இணையதளத்தில் இலவசம். திட்டத் தகவல் ஆவணத்தில் முதலீட்டு உத்தி என்ற பகுதியில், எத்தனை சதவீத வருமானம் புகையிலையிலோ மதுவிலோ வந்தால் ஒதுக்குவார்கள் என்ற வரம்பைத் தேடுங்கள். அந்த எண்ணே இல்லை என்றால் விலக்கு எவ்வளவு கறாரானது என்பது மேலாளரின் விருப்பம். பிறகு மாதாந்திர போர்ட்ஃபோலியோவை எடுத்து, நீங்கள் வேண்டாம் என்று நினைக்கும் கம்பெனிகளின் பெயர் உள்ளதா என்று வரிசையாக விரல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பங்குக்கும் இஎஸ்ஜி மதிப்பெண்ணும் அதிலேயே இருக்கும்.

ஏற்கனவே ரெகுலர் பிளானில் இருப்பவர் டைரக்டுக்கு மாறுமுன் ஒன்றைக் கணக்கிட வேண்டும்: ஒரே திட்டத்துக்குள் மாறினாலும் வருமான வரி அதை விற்பனையாகவே எடுத்துக்கொள்ளும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுக்கு, 2024 ஜூலை 23 முதல், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். லாபம் அந்த வரம்பைத் தாண்டினால், மார்ச்சில் ஒரு பகுதியும் ஏப்ரலில் மீதியுமாக மாற்றினால் இரண்டு நிதியாண்டின் வரம்பும் கிடைக்கும்.